"சின்ன வேலைதான் தம்பி" என்று கிளையன்ட் கூடுதல் வேலை கேட்டால்: கொட்டேஷன் வரியை எடுத்துக்காட்டிப் பேசும் முழு வழிமுறை

ஃப்ரீலான்ஸ் வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் கூடுதல் வேலை கேட்கும் கிளையன்ட்டிடம் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு செய்து கொடுத்துவிட்டு உள்ளுக்குள் வேகிறார்கள், இல்லையென்றால் பத்து நாள் பொறுத்துவிட்டு ஒரு ராத்திரி கோபமாக நீளமான மெசேஜ் அனுப்புகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எளிய வழி ஒன்று இருக்கிறது. கிளையன்ட் ஏற்கெனவே சம்மதித்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு, அதன் கீழே புது வேலைக்கான விலையையும் நாளையும் எழுதுவது. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், அதனால் வரிசைப்படி சொல்கிறேன்.

முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஈரோட்டுப் பக்கம் மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம். அவர்களுக்கு வெப்சைட், விலை 28,000 ரூபாய், பாதி அட்வான்ஸ் வந்துவிட்டது, 21 நாளில் முடிக்க வேண்டும். பதினாறாம் நாள் முதலாளியிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட்: "தம்பி, சைட் நல்லா வந்திருக்கு. ஒரு நாலு விஷயம் மட்டும். போன் நம்பர் தப்பா இருக்கு. மேல இருக்கிற படத்தை மாத்திடுங்க. அப்புறம் சைட்டுலயே காசு கட்டி வாங்குற மாதிரி ஒரு பட்டன் வெச்சிடுங்க. தமிழ்லயும் வேணும். எல்லாம் சின்ன வேலைதான்."

## 1. கையில் இருக்க வேண்டியது: எண்ணிக்கையோடு எழுதிய வரிகள்

காட்டுவதற்கு ஒரு வரி இருந்தால்தான் இந்த வழி செல்லும். நம் உதாரணத்தில் கொட்டேஷன் இப்படி இருக்கிறது:

> 1. முகப்பு, எங்களைப் பற்றி, பொருட்கள், கேள்வி பதில், தொடர்பு என மொத்தம் 5 பக்கங்கள்.
> 2. பொருட்கள் பக்கத்தில் 12 பொருட்கள், படம் மற்றும் விவரத்துடன். ஒவ்வொரு பொருளின் கீழும் வாட்ஸ்அப் விசாரணைப் பட்டன்.
> 3. வடிவமைப்பில் 2 சுற்றுத் திருத்தங்கள்.
> 4. படங்களும் எழுத்தும் கிளையன்ட் தருவார்.

இதில் வேலை செய்வது எண்களும் பெயர்களும்தான். 5, 12, 2, 'விசாரணைப் பட்டன்'. "நவீனமான, முழுமையான வெப்சைட்" என்று எழுதியிருந்தால் அதை எடுத்துக்காட்டுவதே உங்களுக்கு எதிராகத் திரும்பும், ஏனென்றால் காசு கட்டும் வசதி இல்லாத சைட் எப்படி முழுமையாகும் என்று அவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

அவர் சம்மதித்ததற்கும் தடயம் வேண்டும். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் வேண்டும் என்று இல்லை. கொட்டேஷனை அனுப்பிய மெயிலுக்கோ வாட்ஸ்அப் மெசேஜுக்கோ "ஓகே, ஆரம்பிங்க" என்று வந்த பதில் போதும். மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பதிலை ஸ்டார் போட்டு வையுங்கள், தேதியோடு ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். போன் மாற்றும்போது பழைய சாட் போய்விடுவது ரொம்ப சாதாரணம்.

எதுவுமே எழுதாமல் போனில் பேசி ஆரம்பித்தவரா? அப்படியானால் புதுக் கோரிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே ஒரு மெசேஜ் போடுங்கள்: "சார், நாம பேசினபடி நான் செஞ்சிட்டிருக்கிறது இதெல்லாம், ஏதாவது விட்டுப்போச்சான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க." கீழே பட்டியல். சண்டை எதுவும் இல்லாத நேரத்தில் வருகிற "சரி தம்பி"க்கு இருக்கும் மதிப்பு, கூடுதல் வேலை கேட்ட பிறகு நீங்கள் அனுப்பும் பட்டியலுக்கு இருக்காது. அப்போது அனுப்பினால் தப்பிக்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் படும்.

## 2. உடனே ஆமாம் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள்

வாய்ஸ் நோட்டைக் கேட்ட கையோடு "சரி சார், பண்ணிடலாம்" என்று டைப் செய்வதுதான் மற்ற எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம். மரியாதைக்காகச் சொல்லும் அந்த "சரி"யை அவர் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்வார், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. கட்டைவிரல் ஈமோஜியும் அப்படியே. "பார்த்தேன்" என்ற அர்த்தத்தில் நீங்கள் போட்டது, மறுநாள் "நேத்தே சரின்னீங்களே" என்று திரும்பி வரும்.

பதிலாக இவ்வளவு போதும்: "கேட்டேன் சார். நாலையும் பார்த்துட்டு சாயங்காலத்துக்குள்ள விவரமா எழுதறேன்." எப்போது பதில் வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, உங்களுக்கும் கணக்குப் போட நேரம் கிடைத்துவிட்டது. ஆனால் சொன்ன நேரத்துக்குள் பதில் போய்விட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால், அதற்குள் அவர் வேலை நடப்பதாக நினைத்துக்கொண்டு பணம் கட்டும் பட்டனைப் பற்றித் தன் கடைக்காரர்களிடம் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு வருகிற விலை அவருக்கு அவமானமாகத் தெரியும்.

வாய்ஸ் நோட்டை எழுத்தாக மாற்றுவதும் இந்தப் படியில்தான். அவர் "நாலு விஷயம்" என்று ஒரே மூச்சில் சொன்னதை நான்கு தனி வரிகளாக எழுதிக்கொள்ளுங்கள். சேர்ந்து இருக்கும்வரை எல்லாமே ஒரே அளவாகத் தெரியும். போன் நம்பரை மாற்ற இரண்டு நிமிடம், பேமென்ட் வசதி செய்ய இரண்டு நாள், ஆனால் அந்த வாய்ஸ் நோட்டில் இரண்டும் ஒரே வாக்கியத்தின் நீளம்தான்.

## 3. ஒவ்வொரு வரியையும் கொட்டேஷனோடு ஒப்பிட்டுப் பிரியுங்கள்

இதைத் தனியாக, கிளையன்ட்டோடு பேசாத நேரத்தில் செய்யுங்கள். இங்கே நேர்மையாக இருந்தால்தான் அடுத்த மெசேஜ் எடுபடும்.

போன் நம்பர்: அவர் அனுப்பிய எழுத்தில் சரியாக இருந்து நீங்கள் தப்பாக டைப் செய்திருந்தால் அது உங்கள் பிழை. மெசேஜ் எழுத உட்காரும் முன்பே திருத்திவிடுங்கள். பிழையையும் கூடுதல் வேலையையும் ஒரே தட்டில் வைத்துப் பேரம் பேசினால் நியாயம் அவர் பக்கம் போய்விடும்.

மேலே இருக்கும் படம்: மூன்றாம் வரி, 2 சுற்றுத் திருத்தங்கள். முதல் சுற்று ஏற்கெனவே முடிந்திருந்தால் இது இரண்டாவது. செய்து கொடுக்க வேண்டியதுதான், ஆனால் இது இரண்டாவது சுற்று என்று எழுதியே செய்ய வேண்டும். எண்ணாமல் செய்கிற திருத்தத்துக்கு எல்லையே கிடையாது. அதோடு "இந்தச் சுற்றில் வேறு எதுவும் மாற்ற வேண்டுமா" என்று கேட்பதும் நல்லது, இருப்பதை எல்லாம் சேர்த்துச் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

காசு கட்டி வாங்கும் பட்டன்: இரண்டாம் வரியில் இருப்பது விசாரணைப் பட்டன். அதைத் தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும், அவ்வளவுதான். பணம் வாங்குவது முற்றிலும் வேறு வேலை, இது புதியது.

தமிழ்: இதுதான் சிக்கலானது. கொட்டேஷனில் எந்த மொழி என்று எங்கேயும் இல்லை. "5 பக்கம்தான் எழுதியிருக்கு, தமிழ் சேர்த்தால் 10 ஆகும்" என்று நீங்கள் சொல்லலாம். "அதே 5 பக்கத்தைத்தானே தமிழிலும் கேட்கிறேன்" என்று அவரும் சொல்லலாம், இரண்டிலும் பொருள் இருக்கிறது. வரி தெளிவாக இல்லாத இடத்தில் அதைத் தெளிவாக இருப்பதுபோல் எடுத்துக்காட்டினால், நிஜமாகவே தெளிவாக இருக்கும் மற்ற வரிகளின் பலமும் போய்விடும். "இதை நாம எழுதிக்கல" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு பாதி விலைக்குச் செய்து கொடுப்பதுதான் என் பழக்கம். அடுத்த கொட்டேஷனில் மொழி என்று ஒரு வரி சேர்ந்துவிடும்.

## 4. விலையைச் சொல்வதற்கு முன் வேலையைப் பிரித்துக் கணக்கிடுங்கள்

"ஒரு ஐயாயிரம் ஆகும் சார்" என்று குத்துமதிப்பாகச் சொன்னால், அவரும் குத்துமதிப்பாகவே "மூணு வெச்சுக்கோங்க" என்பார். பிரித்துப் போட்ட கணக்கில் பேரம் அப்படி நடக்காது. ஏன் நடக்காது என்பது ஆறாம் படியில் வரும்.

28,000 ரூபாய் விலையை எந்த மணிக் கணக்கில் போட்டீர்களோ அதையே இதற்கும் வையுங்கள். மணிக்கு 600 ரூபாய் என்று கொள்வோம். கூடுதல் வேலைக்கு விலையை ஏற்றினால் தண்டனைபோல் இருக்கும், குறைத்தால் முதல் விலையே அதிகமோ என்ற சந்தேகம் வரும்.

பட்டன் வேலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். 12 பொருள், ஒவ்வொன்றும் 100, 250, 500 கிராம் பாக்கெட், ஆக 36 விலைகளும் எடைகளும் ஏற்ற வேண்டும்: 4 மணி. எடைக்கும் ஊருக்கும் ஏற்ற கூரியர் கட்டணம்: 2 மணி. பேமென்ட் கேட்வே இணைப்பு: 2 மணி. கேட்வே நிறுவனங்கள் கணக்கைத் திறந்துவிடும் முன் சைட்டில் பணம் திருப்பித் தரும் விதி, டெலிவரி விதி, தனியுரிமை, நிபந்தனைகள் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அந்தப் பக்கங்களுக்கு 3 மணி. ஆர்டர் மெயில்கள், ஸ்டாக் கணக்கு: 2 மணி. பணம் போனது, பாதியில் நின்றது, திருப்பிக் கொடுத்தது என எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க 3 மணி. மொத்தம் 16 மணி, 9,600 ரூபாய்.

தமிழ்ப் பக்கங்கள், எழுத்தை அவரே கொடுத்தால், 5 மணி. அதாவது 3,000. பாதி என்று முடிவு செய்ததால் 1,500.

நாள் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. கேட்வே கணக்கு முதலாளியின் பெயரில், அவருடைய பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் கொடுத்து அவர்தான் திறக்க வேண்டும், அந்த ஒப்புதல் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. எனவே "6 வேலை நாள்" என்று மட்டும் எழுதாமல், "கேட்வே ஒப்புதல் வந்ததிலிருந்து 6 வேலை நாள்" என்று எழுதுங்கள்.

## 5. மெசேஜ்: முதலில் முடித்தது, அப்புறம் வரி, அப்புறம் விலை

வரிசை மாறினால் அதே சொற்கள் வேறு மாதிரி கேட்கும். விலையில் ஆரம்பித்தால் அவர் அதற்கு மேல் படிக்கமாட்டார், கொட்டேஷன் வரியில் ஆரம்பித்தால் வக்கீல் நோட்டீஸ்போல் இருக்கும். முதலில் அவர் கேட்டதில் செய்து முடித்ததைச் சொல்லுங்கள். மாதிரி:

> வணக்கம் சார். நீங்க சொன்ன நாலையும் பார்த்துட்டேன்.
>
> போன் நம்பர் திருத்திட்டேன், தப்பு என்னோடதுதான்.
>
> மேல இருக்கிற படத்தை நாளைக்குள்ள மாத்திடறேன். இது நாம பேசின 2 சுற்றுத் திருத்தத்துல ரெண்டாவது. வேற ஏதாவது மாத்தணும்னா இன்னிக்கே சொல்லிடுங்க, சேர்த்தே செஞ்சிடலாம்.
>
> சைட்டுலயே பணம் கட்டுற வசதி நல்ல யோசனை. நாம 3ஆம் தேதி ஓகே பண்ண கொட்டேஷன்ல 2ஆவது வரி இப்படி இருக்கு: "ஒவ்வொரு பொருளின் கீழும் வாட்ஸ்அப் விசாரணைப் பட்டன்." பணம் வாங்குறது அதுல சேரல. சேர்க்கணும்னா 9,600 ரூபாய், கேட்வே ஒப்புதல் வந்ததுல இருந்து 6 வேலை நாள். என்னென்ன வேலைன்னு கீழ பிரிச்சு எழுதியிருக்கேன்.
>
> தமிழ்ப் பக்கங்கள் பத்தி நாம எழுதிக்கல. அதனால பாதி விலைக்கு, 1,500க்கு செஞ்சு தரேன். எழுத்து நீங்க தரணும்.
>
> இப்ப இருக்கிற சைட்டை சொன்னபடி 21ஆம் நாள் குடுத்துட்டு, இது ரெண்டையும் அதுக்கப்புறம் எடுத்துக்கலாம். இல்ல இப்பவே சேர்க்கணும்னாலும் சரி, முடியற தேதி தள்ளிப்போகும். எது உங்களுக்கு வசதின்னு சொல்லுங்க, சொன்னதும் ஆரம்பிக்கிறேன்.

வரியை மேற்கோளாக, எழுத்து மாறாமல் போட்டிருப்பதைக் கவனியுங்கள். "நாம பேசினதுல இது இல்லையே சார்" என்று பொதுவாகச் சொன்னால் உங்கள் ஞாபகமும் அவர் ஞாபகமும் மோதும், அதில் வயதில் பெரியவர் பேச்சுதான் நிற்கும். வரியையும் தேதியையும் போட்டால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தாளைப் பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் இன்னும் எளிது: பழைய கொட்டேஷன் மெசேஜை அழுத்திப் பிடித்து, அதற்கே ரிப்ளையாக இதை அனுப்பலாம். அவர் விரலால் தொட்டால் தான் ஓகே சொன்ன இடத்துக்கே போய்விடுவார்.

ஒரு வரி மட்டும் போதும். மூன்று நான்கு வரிகளை அடுக்குவது, முழு பிடிஎஃப்பை மறுபடி அனுப்புவது, எழுத்தைத் தடிமனாக்குவது எல்லாம் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக இருக்கும். "மன்னிக்கணும் சார், தப்பா நினைக்காதீங்க" என்று மூன்று இடத்தில் எழுதுவதும் வேண்டாம். விலை சொல்வதில் தப்பு எதுவும் இல்லாதபோது மன்னிப்புக் கேட்டால், தப்பு ஏதோ இருக்கிறது என்று அவருக்கே தோன்றும்.

"நல்ல யோசனை" என்று எழுதியது ஒப்புக்காக இல்லை. மசாலாப் பொடி விற்பவருக்கு அது நிஜமாகவே பயன்படும் வசதி. அவருக்குப் பயனில்லாத ஒன்றைக் கேட்டிருந்தால் விலை சொல்வதற்கு முன் அதையும் சொல்லிவிடுங்கள், பாதிக் கோரிக்கைகள் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

## 6. அவர் திரும்பச் சொல்வதற்குப் பதில்

"ஒரு பட்டனுக்கு ஒன்பதாயிரமா?" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும். இதற்கு விலையை நியாயப்படுத்திப் பேச வேண்டாம், பிரித்த கணக்கைக் காட்டுங்கள். 36 விலை, கூரியர் கட்டணம், விதிப் பக்கங்கள், சோதனை. பட்டனுக்குப் பின்னால் இருப்பதை அவர் இதுவரை பார்த்ததே இல்லை, அதனால்தான் கேட்கிறார்.

"குறைச்சுக்கோங்க" என்றால் விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். இப்படி: "இப்போதைக்கு 250 கிராம் பாக்கெட் மட்டும் ஆன்லைன்ல வெச்சுக்கலாமா சார்? கூரியருக்கும் எல்லா ஊருக்கும் ஒரே கட்டணம் வெச்சுக்கலாம்." 36 விலை 12 ஆனால் இரண்டரை மணி மிச்சம், ஒரே கூரியர் கட்டணத்தில் ஒன்றரை மணி மிச்சம். 12 மணி, 7,200 ரூபாய். அவருக்கு 2,400 குறைந்தது, உங்கள் மணி விலை அப்படியே இருக்கிறது. வேலையைக் குறைக்காமல் விலையை மட்டும் இறக்கினால், முதலில் சொன்னது ஏற்றிச் சொன்ன விலை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"இதைச் செஞ்சாத்தான் பாக்கி தருவேன்" என்றால் குரலை உயர்த்தாமல் இரண்டையும் பிரியுங்கள்: "பாக்கி 14,000 அந்த 4 வரிக்கு சார். அந்த நாலும் முடிஞ்சதும் நீங்க பார்த்துட்டுக் குடுங்க. புது வேலையைத் தனியா வெச்சுக்கலாம்." இந்த இடத்தில் சைட் இன்னும் உங்கள் சோதனை முகவரியில் இருப்பது முக்கியம். பாக்கி வந்த பிறகுதான் அவருடைய டொமைனுக்கு மாற்ற வேண்டும், அந்த விதியும் கொட்டேஷனில் முன்பே எழுதியிருக்க வேண்டும். இப்போது புதிதாகச் சொன்னால் மிரட்டலாகிவிடும்.

"வேற பையன் சும்மாவே செஞ்சு தருவான்" என்பதற்கு, "சரி சார், அவரை வெச்சே செஞ்சுக்கலாம், நான் சைட்டை முடிச்சு லாகின் எல்லாம் குடுத்துடறேன்" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

## 7. சம்மதம் வந்த பிறகு, வேலை தொடங்கும் முன்

போனில் "சரி, ஆரம்பிங்க" என்றால், வைத்த கையோடு ஒரு வரி எழுதுங்கள்: "இப்ப பேசினபடி 250 கிராம் மட்டும், ஒரே கூரியர் கட்டணம், 7,200. தமிழ்ப் பக்கங்கள் 1,500. மொத்தம் 8,700, பாதி அட்வான்ஸ் 4,350. ஓகேன்னு ஒரு வார்த்தை போடுங்க சார்." அந்த ஓகே வரும்வரை கோப்பைத் திறக்காதீர்கள். ஆர்வத்தில் பாதி முடித்துவிட்டால் பேரத்தில் உங்கள் கை கீழே போய்விடும்.

இந்த 8,700க்குத் தனி இன்வாய்ஸ் போடுங்கள், பழைய 28,000 பில்லோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் என்ன ஆகும் என்றால், கேட்வே ஒப்புதல் மூன்று வாரம் இழுத்தால் முடிந்துபோன சைட்டுக்கான 14,000மும் அதோடு சேர்ந்து இழுக்கும். "எல்லாம் முடியட்டும் தம்பி, மொத்தமா தரேன்" என்பார், ஒரே பில் என்பதால் அவர் சொல்வதும் நியாயமாகவே இருக்கும்.

## 8. சும்மா செய்து கொடுக்க விரும்பினால் அதையும் பில்லில் எழுதுங்கள்

நல்ல கிளையன்ட்டுக்குச் சின்னச் சின்ன வேலைகளை இலவசமாகச் செய்து கொடுப்பதில் தப்பில்லை, நானும் செய்கிறேன். பொங்கலுக்கு முகப்பில் ஒரு சலுகை பேனர் கேட்கிறார், ஒரு மணி நேர வேலை என்று வையுங்கள். சத்தமில்லாமல் செய்தால் அது கொட்டேஷனில் இருந்த வேலை என்றே அவர் நினைப்பார், தீபாவளிக்கும் கேட்பார், அப்போது விலை சொன்னால் "போன தடவை இல்லையே" என்பார்.

அதனால் அடுத்து அனுப்பும் இன்வாய்ஸில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்:

> பொங்கல் சலுகை பேனர், 1 மணி: 600
> தள்ளுபடி: 600
> கட்ட வேண்டியது: 0

அடுத்த பேனர் கேட்டு வரும்போது இந்த வரியையே எடுத்து ரிப்ளையில் போடலாம்: "போன தடவை 600 ரூபா வேலையைத் தள்ளுபடியில செஞ்சேன் சார், இந்தத் தடவை 600 ஆகும், வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடறேன்."